தாத்தா என்ன செய்தார்?

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அசல் அல்ல, நகல். அசலை அந்த மாணவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபது வருஷம் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டிவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு நாள் கட்டுரைப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். 'உங்கள் ஊரில் இல்லாமல் போன ஒன்று' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் எழுதிய முதல் பத்தி இது. எண்களை நான்தான் போட்டிருக்கிறேன், பேச வசதியாக.

> (1) எங்கள் ஊர்க் குளம். (2) ஐப்பசியில் நிரம்பி மறுகால் பாயும். (3) நானும் தம்பியும் படித்துறையில் நீந்தியது. (4) அப்பா கரையில் உட்கார்ந்து சத்தம் போட்டது. (5) இப்போது குளத்தில் தண்ணீர் இல்லை. (6) ஏனென்றால் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டதால். (7) குளத்தை நம்பி இரண்டு போகம் நெல் போட்ட எங்கள் தாத்தா, கடைசியில் வயலை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் அத்தையின் கல்யாணத்தை முடித்து, ஊரில் இருக்கப் பிடிக்காமல். (8) இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எனக்கு வலிக்கும்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'வினை எங்கே?' என்று எழுதினேன். இரண்டாவதுக்குப் பக்கத்தில் 'எழுவாய் எங்கே?' மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் தாண்டிப் போய்விட்டேன். ஏழாவதின் கீழே ஒரு நெளிகோடு போட்டு 'ரொம்ப நீளம், இரண்டாக உடை' என்று எழுதினேன். எட்டாவதுக்கு மறுபடி 'எழுவாய்?' பிறகு பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வகுப்பில் தாள்களைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சார், 'மறுகால் பாயும்'ங்கிற இடத்துல எழுவாய் எங்கேன்னு கேட்டிருக்கீங்க. குளம்தானே சார் பாயும்? வேற என்ன பாயும்?"

"குளம் முந்தின வாக்கியத்துல இருக்கும்மா. இந்த வாக்கியத்துல இல்லையே" என்றேன்.

"நேத்து போர்டுல 'திங்கட்கிழமைக்குள் கட்டுரையைக் கொடுத்துவிடவும்'னு நீங்க எழுதினீங்க. அதுலயும் இல்லையே சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அவள் உட்காரவில்லை. "அப்போ 'நான் மாணவி'ங்கிறதுல வினை எங்கே சார்?" என்றாள். அது பெயர்ப் பயனிலை, வினை வேண்டியதில்லை என்று பள்ளிப் பாடத்தை ஒப்பித்தேன். "சரி சார். அப்போ குளத்துக்கு மட்டும் ஏன் வினை கேட்டீங்க?"

பதில் என்னிடம் இல்லை. மணி அடித்தது என்னைக் காப்பாற்றத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி பேருந்தில் கூடவே வந்தது, வீட்டுக்கும் வந்தது. ராத்திரி அந்தத் தாளை மறுபடி வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் கேட்டு வாங்கி நகல் எடுத்துக்கொண்டேன். நிதானமாகப் படித்தபோதுதான் என் லட்சணம் புரிந்தது. பத்தியில் நான்கு வாக்கியங்கள் உண்மையிலேயே குறையாக நிற்கின்றன. மூன்று, நான்கு, ஆறு, ஏழு. அந்த நான்கில் ஒன்றைக்கூட நான் குறை என்று சொல்லவில்லை. குறை என்று நான் சொன்ன மூன்றும் நல்ல தமிழ்.

இரவல் வாங்கிய விதி

இது எப்படி நடந்தது என்று எனக்கு நானே விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. செய்திப் பிரிவில் எங்கள் வேலையில் பாதி, ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்குவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்த விதி இது: ஒரு வாக்கியத்தில் எழுவாய் ஒன்று, வினை ஒன்று, இரண்டும் இருக்கிறதா பார், இல்லையென்றால் அது வாக்கியம் இல்லை. ஆங்கிலத்துக்கு அது சரியான விதிதான். ஆங்கிலத்தில் 'வந்த' செயலைச் சொல்லும் சொல், வந்தது நானா நீயா அவர்களா என்று காட்டாது. அதனால் ஆளைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மழை பெய்கிறது என்று சொல்வதற்குக்கூட அவர்கள் 'அது' என்று ஒரு பொம்மை எழுவாயை வாக்கியத்தின் தலையில் உட்கார வைப்பார்கள்.

தமிழில் 'வந்தேன்' என்றால் போதும். வந்தது நான், ஒருத்தன் அல்லது ஒருத்தி, காலம் இறந்த காலம், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறையும் தருவது வினை என்கிறது நன்னூல். எழுவாய் வெளியே தெரியாவிட்டால் அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம், குறை என்று சொல்வதில்லை. எட்டாவது வாக்கியத்தில் 'எனக்கு வலிக்கும்' என்பதற்கு எழுவாய் தேடியது இன்னும் மோசம். பசி, வலி, பிடித்தம் எல்லாம் தமிழில் எனக்கு வருபவை, நான் செய்பவை அல்ல. 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்கிற பிள்ளையிடம் எழுவாய் எங்கே என்று கேட்கிற அம்மா உலகத்தில் உண்டா?

(இந்தக் கட்டுரையின் இரண்டாவது வாக்கியம் 'அசல் அல்ல, நகல்.' அதில் எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. தடுக்கியதா?)

அப்படியானால் தமிழில் ஒரு வாக்கியம் குறையாக நிற்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? இலக்கண நூல்கள் அதற்கான சொல்லைப் பளிச்சென்று வைத்திருக்கின்றன. முற்று, எச்சம். முற்று என்றால் முடிந்தது, எச்சம் என்றால் மிச்சம் இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே எச்சவியல். வினையெச்சம், பெயரெச்சம் உட்படப் பத்து வகை எச்சங்களை அது பட்டியலிடுகிறது. இவ்வளவையும் பரீட்சைக்கு உருப்போட்டுவிட்டு, திருத்த உட்காரும்போது ஆங்கில விதியைக் கையில் எடுத்திருக்கிறேன்.

கடைசிச் சொல்லில் விரல்

இப்போது மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வாக்கியத்தை முதலிலிருந்து படிக்காதே. முற்றுப்புள்ளிக்கு முந்தைய சொல்லில் விரலை வை. தமிழ் உரைநடை வாக்கியம் பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது, அதனால் குறை இருந்தாலும் அங்கேதான் தெரியும். அந்தச் சொல் -ஆல், -ஆமல், -விட்டு, -போது, -என்று என்று முடிந்தால் அது அடுத்து இன்னொன்றை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது. அங்கே புள்ளி வைத்தால் வாசலில் வந்து நிற்பவரை உள்ளேயும் கூப்பிடாமல் போகவும் சொல்லாமல் விட்டது போல.

வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தால் தெரியும். எழுதியவரே படித்தால் தெரியாது. ஏழாவது வாக்கியத்தை அந்தப் பெண் எனக்குப் படித்துக் காட்டினாள். 'ஊரில் இருக்கப் பிடிக்காமல்...' என்று குரலைத் தாழ்த்தி இழுத்தபோது அது முழுமையாகத்தான் ஒலித்தது. மிச்சத்தைக் குரல் சொல்லிவிட்டது. தாளில் குரல் இல்லை. அதனால் பின்னாலிருந்து படிப்பதுதான் உதவுகிறது: கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்து, அதை மட்டும் தனியாகப் பார்த்து, பிறகு அதற்கு முந்தையது.

ஆறாவது வாக்கியம் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்கிறது. 'ஏனென்றால் ... மண்டிவிட்டதால்.' மாணவர் தாள்களில் நான் அதிகம் பார்க்கிற குறை இதுதான். காரணத்தைச் சொல்லத் தமிழில் இரண்டு வழி இருக்கிறது. முன்னால் 'ஏனென்றால்' போடலாம், அல்லது பின்னால் 'ஆல்' போட்டு விளைவோடு இணைக்கலாம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் 'ஆல்' ஒரு விளைவைத் தேடுகிறது. விளைவோ முந்தைய வாக்கியத்திலேயே முடிந்து போயிருக்கிறது. திருத்துவது சுலபம். 'ஏனென்றால்' இருக்கட்டும் என்றால் 'மண்டிவிட்டது' என்று முடிக்கலாம். 'ஆல்' இருக்கட்டும் என்றால் 'சீமைக்கருவேலம் மண்டிவிட்டதால் குளத்தில் தண்ணீர் இல்லை' என்று ஐந்தையும் ஆறையும் ஒன்றாக்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். 'தண்ணீர் இல்லை' என்று வெறுமையாக நிறுத்திவிட்டு, பிறகு காரணத்துக்குப் போவது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

அவள் முதலில் வேறு மாதிரி இணைத்துப் பார்த்தாள்: 'வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டி, நாங்கள் நீந்துவதை விட்டோம்.' முற்று இருக்கிறது, ஆனாலும் உறுத்துகிறது. 'செய்து' என்ற வாய்பாட்டு எச்சத்தைச் செய்பவரும் முற்றைச் செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. மண்டியது மரம், விட்டது நாங்கள். 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதில் செய்பவர் வேறு வேறுதானே என்று கேட்கலாம். அங்கே மழையே நெல்லை விளைய வைக்கிறது, காரணமும் காரியமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மரம் மண்டுவதற்கும் பிள்ளைகள் நீந்துவதை விடுவதற்கும் நடுவில் தண்ணீர் வற்றுவது என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. எச்சத்தைக் கொண்டு ஒட்டுப்போடும்போது இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முற்று மாதிரி இருப்பவை

மூன்றாவது வாக்கியத்தை ஏன் தவறவிட்டேன் என்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம். 'நானும் தம்பியும் படித்துறையில் நீந்தியது.' எழுவாய் இருக்கிறது, வினை மாதிரி ஒன்றும் இருக்கிறது, என் பழைய விதிப்படி முழு மதிப்பெண். கடைசிச் சொல்லில் விரல் வைத்தாலும் முதல் பார்வைக்கு 'நீந்தியது' முற்றுதான். 'மீன் நீந்தியது' என்றால் அது முற்றேதான். ஆனால் 'நானும் தம்பியும்' என்று சொன்னால் 'நீந்தினோம்' என்றல்லவா வர வேண்டும்? ஆளும் வினையும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சொல் அங்கே வினைமுற்றாக இல்லை. அது பெயர். நாங்கள் நீந்திய அந்தச் செயலின் பெயர், காலம் காட்டும் தொழிற்பெயர்.

சந்தேகம் இருந்தால் 'ஐ' சேர்த்துப் பார்க்கலாம். 'நாங்கள் நீந்தியதை மறக்கவில்லை' என்று சொல்ல முடிகிறது. 'நீந்தினோமை' என்று யாரும் சொல்ல முடியாது. வேற்றுமை உருபை ஏற்கிற இடத்தில் அது பெயர்தான், அதனால் அதற்கு ஒரு பயனிலை வேண்டும். 'நானும் தம்பியும் நீந்தியது அந்தப் படித்துறையில்தான்' என்று சொற்களை இடம் மாற்றினால் அதே சொற்களே கிட்டத்தட்ட முழு வாக்கியமாகிவிடுகின்றன.

பழைய நினைவுகளை எழுதும் மாணவர்கள் எல்லாரிடமும் இந்த '-அது' இருக்கிறது. மாங்காய் திருடியது, மாட்டிக்கொண்டது, அடி வாங்கியது என்று வரிசையாக அடுக்குவார்கள். அடுக்கி முடித்து 'எல்லாம் நினைவிருக்கிறது' என்று ஒரு பயனிலையைக் கொடுத்துவிட்டால் அழகான வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்தால் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும்.

"நீந்தினோம்னு மாத்திடவா சார்?" என்றாள் அந்தப் பெண். மாற்றலாம்தான். ஆனால் ஒரு நாள் நீந்தியதைச் சொல்கிறாளா, தினமும் நீந்தியதையா? தினமும் என்றால் 'நீந்துவோம்'. யோசித்துவிட்டு, "லீவு நாள்ல எல்லாம் சார்" என்றாள். அப்போது 'நீந்துவோம்'. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க 'நீந்தியது' அவளுக்கு உதவியிருக்கிறது.

நான்காவதிலும் அதே நோய் என்று நினைத்து, 'அப்பா சத்தம் போட்டது' என்பதற்கும் இதே விளக்கத்தைக் கொடுத்தேன். அப்பா உயர்திணை, போட்டது அஃறிணை, ஒத்துப்போகவில்லை, ஆகவே பெயர். "இல்ல சார்" என்றாள். "எங்க வீட்ல அப்பா வந்துச்சு, அப்பா சொல்லுச்சுன்னுதான் பேசுவோம். அத எழுத்துல எழுதினேன்." அவள் கணக்கில் அது முற்று. வீட்டுப் பேச்சின் முற்றை எழுத்து உடை மாட்டி அனுப்பியிருக்கிறாள். என் அழகான சோதனை அங்கே படுத்துவிட்டது. எழுதியவளைக் கேட்காமல் அது பெயரா வினையா என்று தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அவளே 'போடுவார்' என்று மாற்றிக்கொண்டாள். எனக்கு அதில் அரை மனசுதான்.

'வரும்', 'பாயும்' போன்ற சொற்களும் இப்படித்தான் இரண்டு பக்கமும் நிற்கும். 'பறவைகள் வரும்' என்பது முடிந்த வாக்கியம். 'பறவைகள் வரும் மரங்கள்' முடியாதது, அங்கே 'வரும்' பெயரெச்சமாகி மரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொரு வகை, என் பழைய தொழில் மாணவர்களுக்குக் கொடுத்த சீதனம். 'இதனால் பொதுமக்கள் அவதி.' 'பேருந்து கவிழ்ந்து 5 பேர் காயம்.' தலைப்பில் இடம் கிடையாது, அதனால் வினையை வெட்டுவோம். தலைப்பில் அது சரி. கட்டுரைக்குள் அதே உடையோடு வந்து உட்காரும்போது, "பெயர்ப் பயனிலை தானே சார்?" என்று கேட்கிறார்கள். பெயர்ப் பயனிலையில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். நான் மாணவி என்றால் நானும் அந்த மாணவியும் ஒரே ஆள். பொதுமக்களும் அவதியும் ஒன்றா? இல்லை, அவர்கள் அவதிப்படுகிறார்கள். வெட்டிய வினையைத் திருப்பி ஒட்ட வேண்டியதுதான்.

ஏழாவது வாக்கியம்

'ரொம்ப நீளம், இரண்டாக உடை' என்று நான் எழுதிய வாக்கியத்துக்கு வருகிறேன். அதை எங்கே உடைத்தாலும் சரியாகாது, ஏனென்றால் நீளம் அதன் நோயே இல்லை. எழுவாய் தாத்தா. 'நெல் போட்ட' என்பது தாத்தாவோடு ஒட்டிய பெயரெச்சம், அது அங்கேயே தீர்ந்துவிட்டது. விற்றுவிட்டு, முடித்து, பிடிக்காமல் என்று மூன்று வினையெச்சங்கள் வரிசையில் நிற்கின்றன. மூன்றும் ஒரே ஒரு முற்றுக்காகக் காத்திருக்கின்றன. அது வரவில்லை.

செய்திப் பிரிவுக்காரனின் கை துறுதுறுத்தது. 'பிடிக்காமல் வெளியூர் சென்றார்' என்று எழுதினால் இரண்டு நொடியில் வேலை முடிந்துவிடும். இருபது வருஷம் அப்படித்தான் எத்தனையோ பேருடைய வாக்கியங்களை முடித்து வைத்திருக்கிறேன். பேனாவை எடுத்தும்விட்டேன். முந்தைய வாரம் வாங்கிய அடி நினைவு வந்து நிறுத்தினேன். அவளிடம் கேட்டேன்: "தாத்தா என்ன செய்தார்?"

"அதான் சார், வயல வித்துட்டு..."

"அது எச்சம்மா. வித்துட்டு, கல்யாணத்த முடிச்சு, பிடிக்காம... என்ன செய்தார்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கேயும் போகல சார். ஊர்லதான் இருந்தார். ஆனா குளத்துப் பக்கமே போக மாட்டார். கோயிலுக்குப் போகணும்னாலும் சுத்தித்தான் போவார்" என்றாள்.

நான் எழுதவிருந்த 'வெளியூர் சென்றார்' எவ்வளவு பெரிய பொய்யாகியிருக்கும்! 'ஊரில் இருக்கப் பிடிக்காமல்' என்று அவள் எழுதியிருந்ததும் சரியில்லை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஊரில் இருக்கப் பிடிக்காதவர் சாகும்வரை ஊரிலேயே எப்படி இருப்பார்? பிடிக்காதது ஊர் அல்ல, குளம். முற்று இல்லாமல் விட்டதால் அந்த எச்சம் தவறு என்பது யார் கண்ணிலும் படவில்லை. இப்போதெல்லாம் எச்சத்தில் நின்ற வாக்கியத்தைக் கண்டால் நான் வினையை எழுதிக் கொடுப்பதில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுகிறேன்: இவர் என்ன செய்தார்? அதற்குப் பதில் எழுதும்போது பாதிப் பேர் முன்னால் இருக்கிற எச்சங்களையும் சேர்த்தே மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்த வாரம் திருத்திய பத்தியைக் கொண்டுவந்தாள். ஏழாவது வாக்கியம் மூன்றாகியிருந்தது: 'குளத்தை நம்பி இரண்டு போகம் நெல் போட்ட எங்கள் தாத்தா கடைசியில் வயலை விற்றார். அந்தப் பணத்தில் அத்தையின் கல்யாணத்தை முடித்தார். அதற்குப் பிறகு சாகும்வரை குளத்துக்கரைப் பக்கம் போகவில்லை.'

முதல் வாக்கியத்தை மட்டும் அவள் தொடவில்லை. 'எங்கள் ஊர்க் குளம்.' என்று அப்படியே இருந்தது. பழைய தாளையும் கூடவே இணைத்துக் கொடுத்திருந்தாள். அதில் 'வினை எங்கே?' என்ற என் சிவப்புக் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: 'அடுத்த வரியில், சார்.'